பொடுகு ஷாம்பு: முன்பக்கத்தை விடுங்க, பின்பக்கத்தைப் படிங்க!

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கிற மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊராகத்தான் வெளியே தெரியும். அந்த ஊர் மளிகைக் கடையாக இருந்தாலும், திண்டிவனம் பேருந்து நிலையக் கடையாக இருந்தாலும், ஷாம்பு விற்கிற விதம் ஒன்றுதான். மேலே ஒரு கம்பி, அதில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள். "பொடுகுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். எதைக் கிழிப்பார்? அந்த வாரம் டிவியில் அதிகம் ஓடிய விளம்பரம் எதுவோ, பெரும்பாலும் அது.

இந்த பாக்கெட் பிறந்ததே நம்ம பக்கத்தில்தான். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய 'சிக்' ஷாம்பு, சீயக்காயோடு இருந்த கிராமங்களுக்கு ஷாம்புவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெரிய பாட்டில் வாங்க முடியாதவரும் ஷாம்பு போடலாம் என்று ஆனது. அது நல்ல விஷயம்தான்.

ஆனால் அதே பாக்கெட்டில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. பொடுகு ஷாம்பு வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய ஒரே ஒரு தகவல், அதாவது உள்ளே எந்த மருந்துப் பொருள் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது, பாக்கெட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் கட்டாயம் இல்லை. ஏன் அந்தத் தகவல் முக்கியம், அது இல்லாதபோது நாம் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

பொடுகு எப்படி வருது?

பொடுகு அழுக்கு இல்லை. தலையைச் சரியாகக் கழுவாததால் வருகிற தண்டனையும் இல்லை. நம் எல்லோருடைய தலைத்தோலிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வாழ்கிறது. பொடுகே இல்லாதவர் தலையிலும் அது உண்டு. தனக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களை அதனால் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. அதனால் தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உடைத்துச் சாப்பிடுகிறது. அப்படி உடைக்கும்போது மிச்சமாவது ஒலெயிக் அமிலம் போன்ற பொருள்கள்.

இந்த மிச்சம் சிலருடைய தோலை உறுத்தும், சிலருடைய தோலை ஒன்றும் செய்யாது. ஆய்வாளர்கள் பூஞ்சையை ஒதுக்கிவிட்டு ஒலெயிக் அமிலத்தை மட்டும் தலைத்தோலில் தடவிப் பார்த்திருக்கிறார்கள். பொடுகுத் தொல்லை உள்ளவர்களுக்குச் செதில் உதிர்ந்தது. மற்றவர்களுக்கு உதிரவில்லை. உறுத்தல் ஏற்பட்ட தோல், வழக்கத்தைவிட வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும். முதிராத செல்கள் கொத்துக் கொத்தாக உதிரும். சட்டைக் காலரில் நாம் பார்க்கிற வெள்ளைத் துகள் அதுதான்.

ஆக எண்ணெய்ப் பசை, பூஞ்சை, நம் தோலின் தன்மை என மூன்று காரணங்கள் சேர்ந்தால் பொடுகு. தோலின் தன்மையை ஷாம்பு மாற்றாது. பூஞ்சையின் எண்ணிக்கையைத்தான் குறைக்க முடியும். அதனால்தான் பொடுகை "நிரந்தரமாக ஒழிக்கும்" ஷாம்பு என்று எதுவும் இல்லை. நிறுத்தினால் பூஞ்சை மறுபடி பெருகும், பொடுகும் திரும்பி வரும். அது ஷாம்பு தோற்றதாக அர்த்தம் இல்லை, பொடுகின் இயல்பு அப்படி.

வேலை செய்வது எது?

ஒரு பொடுகு ஷாம்புவில் பெரும்பகுதி தண்ணீரும், நுரை தரும் பொருளும்தான். மணம், நிறம், பளபளப்பு எல்லாம் அதற்கு மேல் போட்ட அலங்காரம். பொடுகுக்கு எதிராக வேலை செய்யும் பொருள் அதில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இந்தியக் கடைகளில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது மூன்று பெயர்கள்.

முதலாவது ஜிங்க் பைரித்தியோன். மளிகைக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும் பொடுகு ஷாம்புகளில் நெடுங்காலமாக இருப்பது இது. வழக்கமான அளவு 1%. தண்ணீரில் கரையாத நுண்துகள்களாக இருப்பதால், அலசிய பிறகும் கொஞ்சம் தலைத்தோலில் தங்கி வேலையைத் தொடரும்.

இரண்டாவது பைராக்டோன் ஒலமைன். பளிங்கு மாதிரி ஊடுருவித் தெரியும் ஷாம்புகளிலும், "ஜிங்க் இல்லாதது" என்று விற்கப்படும் புதிய ஷாம்புகளிலும் இதைப் பார்க்கலாம். பெரும்பாலும் 0.5 முதல் 1% வரை இருக்கும். இதுவும் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும்.

மூன்றாவது கீட்டோகோனசோல். இது பூஞ்சைக்கு எதிரான மருந்து. 2% அளவில் மருந்துக்கடையில் கிடைக்கும். ஒரு ஒப்பீட்டு ஆய்வில், 4 வாரத்தில் கீட்டோகோனசோல் 2% பயன்படுத்தியவர்களுக்குப் பொடுகின் தீவிரம் 73% குறைந்தது. ஜிங்க் பைரித்தியோன் 1% பயன்படுத்தியவர்களுக்கு 67% குறைந்தது. நிறுத்திய பிறகு பொடுகு திரும்பி வருவதும் கீட்டோகோனசோல் குழுவில் குறைவாக இருந்தது.

இந்த எண்களைக் கவனியுங்கள். கீட்டோகோனசோல் முன்னால் நிற்கிறது, ஆனால் இடைவெளி மலையும் மடுவும் இல்லை. இலேசான பொடுகுக்கு 1% ஜிங்க் பைரித்தியோன் ஷாம்புவை ஒழுங்காகப் போட்டாலே போதும். அது கேட்காவிட்டால், அல்லது அரிப்பும் செதிலும் அதிகமாக இருந்தால், கீட்டோகோனசோலுக்குப் போகலாம். தேர்வு அவ்வளவுதான். அதே பொருள் அதே சதவீதத்தில் இருந்தால், பிராண்டை மாற்றுவதால் பெரிய வித்தியாசம் வந்துவிடாது.

செலினியம் சல்ஃபைடு, கோல் தார், சாலிசிலிக் அமிலம் என்ற பெயர்களையும் பார்க்கலாம். செலினியம் சல்ஃபைடு பூஞ்சையைத் தாக்கும், ஆனால் வாடை இருக்கும். சாயம் போட்ட முடியின் நிறத்தை மாற்றலாம். சாலிசிலிக் அமிலம் ஒட்டிக்கொண்ட செதிலை இளக்கி எடுக்கும், பூஞ்சையைக் குறைப்பது அதன் முதல் வேலை இல்லை. பெயர் 'குளோபெடசால்' என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த ஷாம்புவைத் தொட வேண்டாம்.

விளம்பரம் சொல்வதும் சொல்லாததும்

"100% பொடுகு நீங்கும்" என்ற வாசகத்துக்கு மேல் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். அந்த நட்சத்திரத்தைத் தேடிப் போனால், கீழே எறும்பு எழுத்தில் "கண்ணுக்குத் தெரியும் செதில்கள்", "தொடர்ந்து பயன்படுத்தினால்" என்கிற மாதிரி நிபந்தனைகள் இருக்கும். பெரிய எழுத்து நோயைப் பற்றிப் பேசுகிறது, சின்ன எழுத்து காலரில் விழும் துகளைப் பற்றிப் பேசுகிறது. இரண்டும் ஒன்று இல்லை.

அடுத்தது எலுமிச்சை, வேம்பு, தயிர் படங்கள். இயற்கைப் பொருள் எதுவும் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. தேயிலை மர எண்ணெய் 5% கலந்த ஷாம்புவை ஆய்வு செய்தபோது, 4 வாரத்தில் பொடுகு 41% குறைந்தது. வெறும் ஷாம்பு போட்டவர்களுக்கு 11% குறைந்தது. ஆனால் அங்கே இருந்தது 5%. முன்பக்கத்தில் படம் போட்டுவிட்டு உள்ளே எவ்வளவு என்று சொல்லாத ஷாம்புவுக்கு அந்த ஆய்வு சாட்சி ஆகாது. "இருக்கிறது" என்பது வேறு, "போதுமான அளவு இருக்கிறது" என்பது வேறு.

பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டு விதிப்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் போட வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். அதனால் ஜிங்க் பைரித்தியோன் பட்டியலின் கடைசிப் பகுதியில் இருப்பதைப் பார்த்து "ஏமாத்துறாங்க" என்று முடிவு கட்ட வேண்டாம். அது 1% இருந்தாலே அங்கேதான் வரலாம். வரிசை எண்ணைப் பார்க்காதீர்கள், பெயருக்குப் பக்கத்தில் சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐரோப்பாவில் தடையாமே?

ஜிங்க் பைரித்தியோன் என்றதும், "அதை ஐரோப்பாவில் தடை செஞ்சுட்டாங்களே" என்று ஒரு ரீல்ஸ் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். தடை உண்மை. 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருள்களில் அதைச் சேர்க்கக் கூடாது. ஆனால் ரீல்ஸ் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

அங்கே ஒரு வேதிப்பொருள் இனப்பெருக்கத்துக்குக் கேடு தரக்கூடிய வகையில் பட்டியலிடப்பட்டால், அழகுசாதனங்களில் அது தானாகவே தடையாகும். விலக்கு வேண்டுமென்றால், அதற்கு மாற்றே இல்லை என்று காட்ட வேண்டும். பொடுகுக்கு வேறு பொருள்கள் இருப்பதால் விலக்கு கிடைக்கவில்லை. அதே நேரத்தில், அலசிவிடும் பொடுகு ஷாம்புவில் 1% வரை இருப்பது பாதுகாப்பானது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழுவே 2020-ல் கருத்துச் சொல்லியிருந்தது. ஆக, வீட்டில் இருக்கும் பாட்டிலைப் பயந்து குப்பையில் போட வேண்டியதில்லை. மனசு ஒப்பவில்லை என்றால் பைராக்டோன் ஒலமைன் இருக்கவே இருக்கிறது.

நாலு வாரக் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். திண்டிவனத்தில் வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். முதுகு வரை முடி. வாரம் ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பழக்கம். இரண்டு மாதமாகப் பொடுகு பாக்கெட் போடுகிறார், குறையவில்லை.

முதல் கேள்வி, எவ்வளவு போடுகிறார்? ஒரு பாக்கெட்டில் ஏறக்குறைய 5, 6 மில்லி இருக்கும். எண்ணெய் வைத்த நீள முடியில் அதை மேலாகத் தேய்த்தால், எண்ணெயை எடுக்கவே அது சரியாகிவிடும். தலைத்தோலுக்கு மருந்துப் பொருள் போய்ச் சேராது. இரண்டாவது கேள்வி, எவ்வளவு நேரம் வைக்கிறார்? தேய்த்த அரை நிமிடத்தில் அலசினால், நல்ல ஷாம்புகூடக் கெட்ட ஷாம்பு மாதிரிதான் தெரியும்.

இப்போது அவர் 100 மில்லி கீட்டோகோனசோல் 2% பாட்டில் ஒன்று வாங்குகிறார். முதலில் சாதாரண ஷாம்புவால் எண்ணெயையும் அழுக்கையும் எடுக்கிறார். பிறகு மருந்து ஷாம்பு 10 மில்லியை, வகிடு வகிடாகப் பிரித்து முடியில் இல்லாமல் தோலில் படும்படி விரல் நுனியால் தேய்க்கிறார். 3 முதல் 5 நிமிடம் விட்டுவிடுகிறார். போனில் ஒரு பாட்டு ஓடி முடிகிற நேரம்தான். பிறகு அலசல். வாரம் 2 முறை, 4 வாரம். மொத்தம் 8 முறை, 80 மில்லி. மிச்சம் 20 மில்லி. அதற்குப் பிறகு பொடுகு திரும்பாமல் இருக்க ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். மற்ற நாள்களில் சாதாரண ஷாம்பு.

விலை அதிகமோ என்று தோன்றினால், பாட்டில் விலையை 10-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குளியலுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துவிடும். பக்கத்தில், பலன் தராமல் மாதக்கணக்கில் வாங்கிய பாக்கெட்டுகளின் மொத்த விலையையும் எழுதுங்கள்.

இந்த 4 வாரமும் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொள்ளலாம், "தலை வறண்டு போச்சு, எண்ணெய் வை" என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடே கொழுப்புதான். பொடுகு இருக்கிற தலையில் இரவெல்லாம் எண்ணெய் ஊற வைப்பது அதற்குப் பந்தி பரிமாறுகிற மாதிரி. செதில் கொஞ்ச நேரம் படிந்து மறையும், போனது மாதிரி தெரியும். அவ்வளவுதான். முடியின் நுனிக்கு வேண்டுமானால் தடவிக்கொள்ளலாம்.

ஷாம்புவால் ஆகாதது

எல்லா வெள்ளைத் துகளும் பொடுகு இல்லை. தட்டினால் உதிராமல் முடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஈர் ஆக இருக்கலாம். தடித்த, வெள்ளி நிறச் செதில் திட்டுத் திட்டாக இருந்து, முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கும் வந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். குழந்தைக்குச் செதிலோடு முடியும் வட்டமாக உடைந்து கொட்டினால் அது படர்தாமரை. அதற்கு வாய்வழி மருந்து தேவை, ஷாம்பு மட்டும் போதாது.

சொன்னபடி 4 வாரம் போட்டும் குறையவில்லை, அல்லது புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவந்து செதில் வருகிறது என்றால், ஐந்தாவது ஷாம்புவைத் தேடாதீர்கள். தோல் மருத்துவரைப் பாருங்கள். விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களும், கைக்குழந்தைக்கு வாங்குபவர்களும் மருந்து ஷாம்புவுக்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

ஒரு வரி போதும்

இனி அந்தப் பாக்கெட் விஷயம். பொருள்களின் பட்டியலைப் போட வேண்டும் என்ற நம் அழகுசாதன விதி, 60 மில்லிக்குக் குறைவான திரவப் பொதிகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. 5 மில்லி பாக்கெட் தாராளமாக அந்த விலக்குக்குள் வந்துவிடும். சில நிறுவனங்கள் தாமாகவே போடுகின்றன. போடாவிட்டால் கேட்க முடியாது. ஆனால் கீட்டோகோனசோல் மருந்து என்ற கணக்கில் வருவதால், அதன் பொதியில் பெயரும் சதவீதமும் இருந்தாக வேண்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். பெரிய பாட்டில் வாங்குபவர் பின்பக்கத்தைப் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். தினக்கூலியில் பாக்கெட் வாங்குபவர் விளம்பரத்தை நம்பித்தான் ஆக வேண்டும். தகவல் அதிகம் தேவைப்படுகிறவருக்குத்தான் தகவல் இல்லை. அமெரிக்காவில் பொடுகு ஷாம்புவை, அதில் ஜிங்க் பைரித்தியோன் இருந்தாலும், மருந்தாகவே வகைப்படுத்துகிறார்கள். செயல்படும் பொருளின் பெயரும் சதவீதமும் பொதியில் தனிக் கட்டத்தில் இருக்கும். இங்கே அதே பொருள், அதே வேலை, ஆனால் அழகுசாதனம்.

"பாக்கெட்டில் இடம் இல்லை" என்று சொல்வார்கள். விலை, தயாரித்த தேதி, பேட்ச் எண், நிறுவனத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. எலுமிச்சைக்கும் நடிகரின் தலைமுடிக்கும் இன்னும் தாராளமாக இடம் இருக்கிறது. முழுப் பட்டியலைக்கூட நாம் கேட்கவில்லை. "பொடுகுக்கு" என்று எழுதி விற்கும் எந்தப் பொதியிலும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், "ஜிங்க் பைரித்தியோன் 1%" என்கிற மாதிரி ஒரே ஒரு வரி. அதுவும் தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. அதைக் கட்டாயமாக்க ஒரு விதித் திருத்தம் போதும்.

அது வரும் வரை, நாம் கடையில் கேட்கிற கேள்வியை மாற்றலாம். "பொடுகுக்கு எது நல்லா இருக்கும்?" என்று கேட்டால் விளம்பரம்தான் பதில் சொல்லும். "இதுல என்ன மருந்து, எத்தனை பர்சென்ட்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத பாக்கெட்டைச் சரத்திலேயே தொங்க விடுங்கள்.